ஃபிஷ் அண்ட் சிப்ஸ் மீன்: குளிர்ந்த மாவு, எண்ணெயின் சூடு, துண்டின் தடிமனுக்கேற்ற நேரம்

பிரித்தானியாவில் ‘சிப்பி’ என்று செல்லமாக அழைக்கப்படும் கடைகளில் கிடைக்கும் பொரித்த மீனில் இரண்டு சமையல்கள் ஒன்றாக நடக்கின்றன. வெளியே உள்ள மாவு தன் நீரை இழந்து, காய்ந்து, பொன்னிறமாகி மொறுமொறுப்பாக வேண்டும். உள்ளே உள்ள மீன் தன் நீரை இழக்காமல், அந்த மாவுக்கூட்டின் ஆவியிலேயே வெந்து, விரலால் தொட்டால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். மாவு நன்றாக மொறுமொறுப்பாவதற்கு ஏறத்தாழ மூன்று நிமிடமாவது எண்ணெயில் கிடக்க வேண்டியிருக்கிறது. மீன் வேகும் நேரமோ அதன் தடிமனைப் பொறுத்து இரண்டு நிமிடமாகவும் இருக்கலாம், பத்து நிமிடமாகவும் இருக்கலாம். இந்த இரண்டு வேலைகளும் ஒரே கணத்தில் முடியுமாறு செய்வதே இந்தச் சமையலின் முழுக் கணக்கு. மாவை ஏன் குளிர வைக்கிறோம், எண்ணெயை ஏன் சில துண்டுகளுக்கு 175 டிகிரியிலும் வேறு சிலவற்றுக்கு 190 டிகிரியிலும் வைக்கிறோம் என்பவற்றுக்கெல்லாம் விடை அதற்குள்தான் இருக்கிறது. கீழே குறிப்பிடப்படும் சூடு அனைத்தும் செல்சியஸ் அளவு.

மீனும் அதன் வடிவமும்

இங்கிலாந்தின் தெற்கில் காட் மீனையும், யார்க்‌ஷயரிலும் ஸ்காட்லாந்திலும் ஹேடாக் மீனையும் மக்கள் விரும்பிக் கேட்கிறார்கள். இரண்டுமே கொழுப்புக் குறைந்த, வெண்ணிறச் சதையுள்ள, வெந்தவுடன் பெரிய இதழ்களாகப் பிரியும் மீன்கள். கொழுப்பு மிகுந்த மீன்கள் இந்த முறைக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை, ஏனெனில் மாவுறைக்குள் அவற்றின் கொழுப்பு உருகி வாடையைக் கூட்டுவதோடு மேலோட்டையும் உள்ளிருந்தே நனைத்துவிடும். காட் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் தோல் நீக்கிய கொடுவா மீனைப் பயன்படுத்தலாம். வஞ்சிரம் சுவையான மீன் என்பதில் ஐயமில்லை, ஆனால் அதன் அடர்ந்த சதை இதழ் இதழாகப் பிரியாது என்பதால் கிடைப்பது வேறொரு உணவாக இருக்கும்.

முள் நீக்கிய நீளவாட்டுத் துண்டாக, ஒன்று 150 முதல் 180 கிராம் வரை இருக்குமாறு வாங்க வேண்டும். எடையைவிட முக்கியமானது தடிமன். ஒரே 170 கிராம் துண்டு, வால் பக்கத்திலிருந்து வெட்டப்பட்டால் நீண்டு அகன்று ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனாகவும், தலைக்கு அருகிலுள்ள முதுகுச் சதையிலிருந்து வெட்டப்பட்டால் குட்டையாக மூன்று சென்டிமீட்டர் தடிமனாகவும் இருக்கும். எடையைப் பார்த்து நேரம் குறித்தால் இரண்டில் ஒன்று நிச்சயம் கெட்டுப்போகும். எனவே ஒரு சாதாரண அளவுகோலைத் துண்டின் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தி, அதன் மிகத் தடித்த இடத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருந்தால் மெலிந்த முனையை அடிப்பக்கமாக மடித்துக்கொள்வதைவிட, அதை வெட்டித் தனியாகப் பொரிப்பதே நல்லது, ஏனெனில் மடிப்புக்குள் மாவு போய்த் தங்கினால் அது வேகாமல் பசையாகவே நின்றுவிடும். மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் தடித்த துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிட வேண்டும்.

உறைந்த மீனை முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முழுவதுமாக உருக விடுங்கள். நடுவில் சிறிதளவு பனி எஞ்சியிருந்தாலும், அந்தப் பனியை உருக்குவதற்கே பெருமளவு வெப்பம் செலவாகிவிடும். மேலே கருகத் தொடங்கும் வேளையிலும் நடுப்பகுதி பச்சையாகவே கிடக்கும்.

ஈரத்தை எடுத்தல்

மேலோடு மீனிலிருந்து கழன்று போவதற்கு முதற்காரணம் மாவு அல்ல, மீனின் மேற்பரப்பில் இருக்கும் நீர். எண்ணெயில் இறங்கிய உடனே அந்த நீர் ஆவியாகி, மாவுக்கும் சதைக்கும் நடுவே ஓர் இடைவெளியை உண்டாக்கிவிடுகிறது. இதைத் தடுக்க, துண்டுகளின் இரு பக்கமும் இலேசாக உப்பைத் தூவி, இருபது நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு துண்டுக்குக் கால் தேக்கரண்டி உப்பு போதும். மேலே நீர்த்துளிகள் அரும்பி நிற்பதைக் காண்பீர்கள். கழுவாமல், காகிதத் துவாலையால் ஒற்றி எடுங்கள், ஒற்றிய காகிதம் நனையாமல் வரும் வரை மாற்றி மாற்றி ஒற்றுங்கள். உப்பு சதையைச் சற்று இறுக்கவும் செய்வதால், கையில் தூக்கும்போது துண்டு உடையாது.

பொரிப்பதற்குச் சற்று முன்பு, அதற்கு முன்பாக அல்ல, துண்டுகளை மைதாவில் புரட்டித் தட்டி உதறுங்கள். மீனின் மேல் ஒரு வெண்மூட்டம் போலத் தெரிய வேண்டும், திட்டுத் திட்டாக நிற்கக் கூடாது. இந்த உலர்ந்த மாவு எஞ்சிய ஈரத்தை இழுத்துக்கொண்டு, கரைத்த மாவு பற்றிக்கொள்ள ஒரு சொரசொரப்பான தளத்தைத் தருகிறது. முன்கூட்டியே புரட்டி வைத்தால் ஈரம் ஊறி அது பசையாகிவிடும், பயனில்லை.

குளிர்ந்த மாவு

நான்கு துண்டுகளுக்கு 150 கிராம் மைதா, 50 கிராம் அரிசி மாவு, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, 250 மில்லி குளிர்ந்த லாகர் பீர் தேவை. பிரித்தானியாவில் ‘பிளெய்ன் ஃப்ளவர்’ என்று விற்கப்படுவதை மைதாவுக்குப் பதிலாகக் கொள்ளலாம். ரொட்டி செய்யப் பயன்படும் புரதம் மிகுந்த மாவை வாங்கிவிட வேண்டாம். ‘செல்ஃப் ரெய்சிங்’ மாவு மட்டுமே கையில் இருந்தால் பேக்கிங் பவுடரை விட்டுவிடுங்கள், அது அதில் ஏற்கெனவே கலந்திருக்கிறது.

பஜ்ஜிக்கு மாவு கரைத்துப் பழகிய கைக்கு இந்த மாவு முதலில் விளங்காது. கடலை மாவில் குளூட்டன் என்ற பசைப்புரதம் இல்லை என்பதால், அதை எவ்வளவு கலக்கினாலும் எந்தச் சூட்டிலுள்ள நீரை விட்டாலும் அது இழுபடுவதில்லை. மைதாவில் அந்தப் புரதம் இருக்கிறது. நீர் பட்டு, கலக்கக் கலக்க அது வலையாகப் பின்னிக்கொள்ளும். சப்பாத்திக்கு அந்தப் பின்னல்தான் வேண்டும். பொரிக்கும் மாவுக்கோ அது பகை, ஏனெனில் அத்தகைய மேலோடு உடைவதற்குப் பதில் ரப்பர் போல இழுபடும். குளிர்ந்த நீரில் இந்தப் புரதம் மெதுவாகவே நீரை ஏற்கிறது, பின்னலும் தாமதமாகிறது. மாவைக் குளிர வைப்பதன் முதல் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் காற்றுக் குமிழிகள். பீரிலும் சோடாவிலும் கரைந்திருக்கும் கரியமில வாயு, திரவம் குளிர்ந்திருக்கும்போது அதனுள்ளேயே தங்கும், சூடேறினால் வெளியேறிவிடும். நான்கு அல்லது ஐந்து டிகிரியில் இருக்கும் மாவு எண்ணெயில் விழும்போது, அதுவரை அடங்கிக் கிடந்த வாயு திடீரென விரிந்து, நீராவியோடு சேர்ந்து மாவை ஊதிவிடுகிறது. அந்த நுண்ணிய குமிழிகளின் சுவர்கள்தான் பிறகு காய்ந்து, கடிக்கும்போது நொறுங்குகின்றன. இவை தவிர, குளிர்ந்த மாவு சற்றுக் கெட்டியாக இருப்பதால், மீனை விட்டு வழிந்தோடாமல் எண்ணெய்க்குச் செல்லும் வரை பற்றி நிற்கும் என்ற சிறு நன்மையும் உண்டு.

செய்முறை எளிது. உலர்ந்த பொருள்களைக் கிண்ணத்தில் கலந்து, கிண்ணத்தோடு அரை மணி நேரம் உறைபெட்டியில் வையுங்கள். பீர் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில் இருக்கட்டும். எண்ணெய் சூடாகி, மீன் ஒற்றி முடிந்து, எல்லாம் ஆயத்தமான பிறகே பீரை ஊற்றுங்கள். முள்கரண்டியாலோ விஸ்க்காலோ பத்துப் பதினைந்து சுற்றுக்கு மேல் கலக்க வேண்டாம், சிறு கட்டிகள் நிற்பதே நல்லது. ஒரு கரண்டியின் முதுகில் மாவைத் தோய்த்து, குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்று, அதே வேளையில் கரண்டியின் முனையிலிருந்து மாவு மெதுவாகச் சொட்டினால் பதம் சரி. கோடு உடனே மூடினால் ஒரு மேசைக்கரண்டி மைதாவும், மாவு சொட்டாமல் கட்டியாக நின்றால் ஒரு மேசைக்கரண்டி பீரும் சேர்த்துக்கொள்ளலாம். கிண்ணத்தைப் பனிக்கட்டி நிரம்பிய பெரிய பாத்திரத்துக்குள் அமர்த்தி வையுங்கள். அப்படி வைத்தாலும் இருபது நிமிடத்துக்கு மேல் மாவு காத்திருக்காது. வாயு வெளியேறிவிடும், மாவும் நீரைக் குடித்துக் கெட்டியாகிவிடும். விருந்தினர் தாமதமானால் கரைத்ததைக் காக்க முயல்வதைவிட, உலர்ந்த கலவையைக் குளிரிலேயே விட்டுக் காத்திருப்பதே மேல்.

பீர் வேண்டாம் என்பவர்கள் அதே அளவு குளிர்ந்த சோடா நீரை ஊற்றலாம். மொறுமொறுப்பில் குறை இராது. நிறம் மட்டும் சற்று வெளிறி இருக்கும், ஏனெனில் பீரில் உள்ள மால்ட்டின் சர்க்கரைதான் மேலோட்டுக்குப் பொன்னிறத்தைத் தருகிறது. கால் தேக்கரண்டி சர்க்கரையை மாவில் சேர்த்தால் அந்தக் குறை பெரும்பாலும் தீரும். சமையல் சோடாவைக் கூட்டி நிறம் வரவழைக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை, நிறம் வரும், கூடவே சோப்புச் சுவையும் வரும்.

எண்ணெயும் அதன் சூடும்

யார்க்‌ஷயரில் பல கடைகள் இன்றும் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கின்றன. அதன் சுவை ஆழமானது, ஆனால் ஆறினால் உறைந்து நாக்கில் ஒட்டும், ஆகவே அதில் பொரித்தது சுடச்சுட உண்பதற்கே உரியது. வீட்டில் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய், ரேப்சீடு எண்ணெய், சுத்திகரித்த கடலை எண்ணெய் ஆகிய எதுவும் பொருந்தும். செக்கில் ஆட்டிய எண்ணெய்கள் இந்தச் சூட்டில் புகையத் தொடங்கக்கூடும் என்பதால் தவிர்க்கலாம்.

அடி கனமான, ஆழமான பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் எண்ணெய் ஊற்றக் கூடாது. மாவில் உள்ள நீர் ஒரே நேரத்தில் ஆவியாகும்போது எண்ணெய் நுரைத்து எழும், அதற்கு மேலே இடம் வேண்டும். பொருத்தமான ஒரு மூடியைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். எண்ணெய் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டுமே தவிர, நீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது, பாத்திரத்தைத் தூக்கி நகர்த்தவும் கூடாது.

வெப்பமானி இல்லாமல் இந்தச் சமையலைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி செய்ய இயலாது. ஒரு சொட்டு மாவை விட்டுப் பார்க்கும் முறை, எண்ணெய் சூடாகிவிட்டதா என்பதை மட்டுமே சொல்லும். சொட்டு உடனே எழும்பிக் குமிழியிடுவது 170 டிகிரியிலும் நடக்கும், 195 டிகிரியிலும் நடக்கும். நமக்குத் தேவைப்படும் வேறுபாடே அந்த இடைவெளிக்குள் இருக்கிறது.

எண்ணெய் 165 டிகிரிக்குக் கீழே இருந்தால் மேலோடு மெதுவாகவே இறுகும், நீர் மந்தமாகவே வெளியேறும், முடிவில் கிடைப்பது வெளிறிய, எண்ணெய் ஊறிய உறை. 195 டிகிரிக்கு மேலே போனால் மாவின் வெளிப்புறம் இரண்டே நிமிடத்தில் பழுத்துவிடும், உட்புறம் பசையாக நிற்கும். குளிர்ந்த மாவு தோய்ந்த இரண்டு துண்டுகள் இரண்டு லிட்டர் எண்ணெயில் இறங்கினால் சூடு பத்து முதல் பதினைந்து டிகிரி வரை விழும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆகவே நாம் விரும்பும் சூட்டைவிட ஏழெட்டு டிகிரி கூடுதலாக ஏற்றி வைத்துத் தொடங்கி, மீன் இறங்கிய உடனே அடுப்பைக் கூட்டி, சூடு மீண்ட பிறகு குறைக்கிறோம். ஒரு துண்டுக்கு ஒரு லிட்டர் எண்ணெய் என்பது பின்பற்றத் தக்க அளவு. மூன்றாவது துண்டையும் சேர்த்துவிடலாம் என்ற ஆசைதான் வீட்டில் பொரிக்கும் மீன் எண்ணெய் குடிப்பதற்குப் பொதுவான காரணம்.

தடிமனுக்கேற்ற நேரம்

மாவுறைக்குள் இருக்கும் மீன் எண்ணெயின் சூட்டை உணர்வதில்லை. மேலோட்டின் உட்புறத்தில் நீர் இருக்கும் வரை அங்கே சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. ஆகவே எண்ணெயை 175 டிகிரியிலிருந்து 190 டிகிரிக்கு ஏற்றினாலும் மீனின் நடுப்பகுதி அதனால் பெரிதாக விரைந்து வேகாது, மேலோடுதான் விரைந்து பழுக்கும். மீனின் நேரத்தைத் தடிமன் தீர்மானிக்கிறது, மேலோட்டின் நேரத்தை எண்ணெயின் சூடு தீர்மானிக்கிறது என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும். நடுப்பகுதியை வெப்பம் சென்றடையும் நேரமும் தடிமனோடு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. தடிமன் இரட்டித்தால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காக வேண்டும் என்பதே வெப்பம் கடத்தப்படும் விதி. துண்டின் பக்கங்களிலிருந்தும் வெப்பம் நுழைவதாலும், எடுத்த பிறகும் உட்புறம் வெந்துகொண்டே இருப்பதாலும் நடைமுறையில் அவ்வளவு கூடுவதில்லை, எனினும் ஒரு சென்டிமீட்டருக்கும் மூன்று சென்டிமீட்டருக்கும் உள்ள இடைவெளி பெரியது.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் ஆன மீனுக்கு, பொரியும்போது நிலைநிறுத்த வேண்டிய சூடும் நேரமும் இவை:

- 1 செ.மீ.: 190 டிகிரி, 3 முதல் 3½ நிமிடம்
- 1½ செ.மீ.: 185 டிகிரி, 4 முதல் 4½ நிமிடம்
- 2 செ.மீ.: 180 டிகிரி, 5 முதல் 6 நிமிடம்
- 2½ செ.மீ.: 178 டிகிரி, 7 முதல் 8 நிமிடம்
- 3 செ.மீ.: 175 டிகிரி, 9 முதல் 10 நிமிடம்

பிளேஸ் போன்ற தட்டை மீனின் மெல்லிய துண்டுக்கு அதிகச் சூடு ஏன் என்பது இப்போது விளங்கும். அது மூன்று நிமிடத்துக்குள் வெந்துவிடும் என்பதால், மேலோடும் அதற்குள் முடிந்தாக வேண்டும். தடித்த காட் துண்டுக்கோ ஒன்பது நிமிடம் தேவை, அவ்வளவு நேரம் மேலோடு கருகாமல் காத்திருக்கச் சூடு குறைவாக இருக்க வேண்டும். மெல்லிய துண்டுக்கு மாவையும் சற்றுத் தளர்த்திக்கொண்டால் அது இன்னும் விரைவாகக் காயும். மீன் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக வந்தால், இரண்டரை சென்டிமீட்டர் துண்டுக்கு அரை நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நேரம் ஒரு மதிப்பீடு மட்டுமே, முடிவைச் சொல்வது உட்புறச் சூடு. கூரிய முனையுள்ள வெப்பமானியைத் துண்டின் பக்கவாட்டில், மிகத் தடித்த இடத்தின் நடுவரை செலுத்திப் பார்க்கலாம். 58 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம், ஏனெனில் மேற்புறச் சதையில் தேங்கியிருக்கும் வெப்பம் அடுத்த இரண்டு மூன்று நிமிடங்களில் நடுப்பகுதியை 63 டிகிரிக்குக் கொண்டு செல்லும். மீனுக்குப் பாதுகாப்பான சூடாக அமெரிக்க உணவுத் துறையினர் கூறும் அளவும் அதுவே. பிரித்தானியாவின் உணவுத் தர முகமை, நடுப்பகுதி 70 டிகிரியில் இரண்டு நிமிடம் இருக்க வேண்டும் என்ற இன்னும் கடுமையான அளவைச் சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் பரிமாறும்போது அதைப் பின்பற்றுவதே முறை, மீன் சற்று உலர்ந்தாலும் பரவாயில்லை.

இரண்டரை சென்டிமீட்டர் காட் துண்டு: தொடக்கம் முதல் முடிவு வரை

தலா 180 கிராம் எடையுள்ள, இரண்டரை சென்டிமீட்டர் தடித்த நான்கு துண்டுகளை எடுத்துக்கொள்வோம். பாத்திரத்தின் கொள்ளளவு ஆறு லிட்டர், எண்ணெய் இரண்டு லிட்டர், ஒரு முறைக்கு இரண்டு துண்டுகள். விரல் தடிமனில் வெட்டிய உருளைக்கிழங்குச் சிப்ஸ் முன்னதாகவே 140 டிகிரி எண்ணெயில் ஒரு முறை வேகவைத்து எடுத்து ஆற வைக்கப்பட்டிருக்கிறது. அடுப்போடு இணைந்த ‘அவன்’ என்னும் மூடிய சூட்டுப்பெட்டி 110 டிகிரியில், உள்ளே கம்பித் தட்டோடு காத்திருக்கிறது.

எண்ணெய் 186 டிகிரியைத் தொட்டதும் மாவில் பீரை ஊற்றிக் கலக்குகிறோம். மைதாவில் புரட்டிய முதல் துண்டை மாவில் முழுவதும் மூழ்க வைத்து, மெலிந்த முனையைப் பிடித்துத் தூக்கி, கிண்ணத்தின் விளிம்பில் ஒரு முறை மட்டும் தடவிச் சொட்ட விடுகிறோம். பிறகு துண்டின் கீழ்ப்பாதியை எண்ணெயில் இறக்கி, கையை விடாமல், நமக்கு எதிர்ப்புறமாக மெல்ல அசைத்தபடி நான்கைந்து நொடி பிடித்திருக்கிறோம். எண்ணெயில் இருக்கும் பகுதியின் மாவு அதற்குள் ஊதி, துண்டுக்கு மிதக்கும் தன்மையைத் தந்துவிடும். அதன் பிறகு மீதியை நமக்கு அப்பால் சாயுமாறு படுக்க வைத்துக் கையை எடுக்கிறோம். அப்படியே கைவிட்டால் துண்டு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். கம்பிக் கூடை வைத்த பொரிப்பானாக இருந்தால் கூடையை முன்பே எண்ணெயில் இறக்கி வைத்திருக்க வேண்டும். மேலே இருக்கும் கூடையில் துண்டை வைத்து இறக்கினால், மாவு கம்பிகளைச் சுற்றி இறுகி, எடுக்கும்போது மேலோடு பாதி கூடையோடு போய்விடும். முதல் துண்டு நிலைத்த அரை நிமிடத்தில் இரண்டாவது துண்டு இறங்குகிறது.

வெப்பமானி இப்போது 171 டிகிரியைக் காட்டும். அடுப்பை முழுச் சுடரில் வைக்கிறோம். துண்டுகளைச் சுற்றிப் பெருங்குமிழிகள் சலசலவென எழும், அந்தச் சத்தம் மாவின் நீர் வெளியேறும் சத்தம். ஒரு நிமிடம் ஆனதும், மேலே மிதக்கும் பகுதியின் மீது கரண்டியால் எண்ணெயை அள்ளி ஊற்றுகிறோம், அப்போதுதான் அந்தப் பக்கமும் இறுகும். இரண்டரை நிமிடத்தில் சூடு 178 டிகிரிக்குத் திரும்ப, சுடரைக் குறைக்கிறோம். மூன்றரை நிமிடத்தில், அடிப்பக்கம் வெளிர்ப் பொன்னிறமாகி விறைப்பானதும், இரண்டு கரண்டிகளால் துண்டை ஒரு முறை திருப்புகிறோம். அதற்கு முன்பு திருப்பினால் இன்னும் இளகியிருக்கும் மேலோடு கிழியும். ஐந்தாவது நிமிடத்தில் சலசலப்பு தணிந்து, குமிழிகள் சிறுத்து, சத்தம் மெல்லிய சீற்றமாக மாறும். துண்டு வெந்துவிட்டது என்பதற்கு இது அறிகுறி அல்ல, மேலோடு காய்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கே அறிகுறி. ஏழாவது நிமிடத்தில் ஒரு துண்டைத் தூக்கி வெப்பமானியைச் செலுத்தினால் 55 அல்லது 56 டிகிரி இருக்கலாம். இன்னும் அரை நிமிடம் விட்டு எடுக்கிறோம்.

முதல் இரண்டு துண்டுகள் கம்பித் தட்டின் மேல் அவனுக்குள் செல்ல, அவனின் கதவு சற்றே திறந்திருக்கிறது. எண்ணெயில் மிதக்கும் மாவுத் துணுக்குகளை ஜல்லிக்கரண்டியால் அள்ளிவிட்டு, சூடு மறுபடியும் 186 டிகிரியை எட்டும் வரை பொறுமையாகக் காத்திருந்து, அடுத்த இரண்டையும் பொரிக்கிறோம். அந்தத் துணுக்குகளை எறிந்துவிட வேண்டாம். வட இங்கிலாந்துக் கடைகளில் ‘ஸ்க்ராப்ஸ்’ என்று கேட்டு வாங்கிச் சிப்ஸின் மேல் தூவி உண்பது அவற்றைத்தான். கடைசியாக எண்ணெயை 190 டிகிரிக்கு ஏற்றிச் சிப்ஸை இரண்டு மூன்று நிமிடம் பொரித்தெடுத்தால், எல்லாமே சேர்ந்தாற்போல் தட்டுக்கு வந்துவிடும்.

எடுத்த பிறகு

பொரித்த மீன் எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் எண்ணெய்க்குள் கிடக்கும்போது அல்ல, வெளியே வந்த பிறகு. உள்ளே இருக்கும் வரை வெளியேறும் நீராவி எண்ணெயைத் தள்ளி வைத்திருக்கிறது. வெளியே எடுத்ததும் ஆவியின் அழுத்தம் தணிந்து, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் துளைகளுக்குள் இழுக்கப்படுகிறது. எனவே துண்டை எண்ணெய்க்கு மேலேயே செங்குத்தாகப் பிடித்து, ஐந்தாறு நொடி நன்றாக உதறி வடிய விடுங்கள். அந்த ஐந்தாறு நொடிகளை விடப் பயனுள்ள வேறெந்த உத்தியும் இந்தக் கட்டத்தில் இல்லை.

பிறகு கம்பித் தட்டில் வையுங்கள், காகிதத்தின் மேல் அல்ல. காகிதம் அடிப்பக்கத்தின் ஆவியை வெளியேற விடாமல் தடுத்து, நாம் பாடுபட்டு உலர்த்திய மேலோட்டை நனைத்துவிடும். எக்காரணம் கொண்டும் மூடி வைக்க வேண்டாம். இரண்டு நிமிடம் ஓய்ந்த பின் பரிமாறலாம், அவனில் வைத்தாலும் நெடுநேரம் அந்த மொறுமொறுப்பு நிற்காது.

உப்பை எடுத்தவுடனேயும், வினிகரை உண்ணும் கணத்திலும் சேர்க்க வேண்டும். பல பிரித்தானியக் கடைகளின் குப்பிகளில் இருப்பது உண்மையான மால்ட் வினிகரே அல்ல, அசெட்டிக் அமிலத்தை நீரில் கலந்து நிறமூட்டிய, சட்டப்படி வினிகர் என்று பெயரிட இயலாத ஒரு திரவம் என்பது அங்கே வளர்ந்த பலருக்கே வியப்பளிக்கும் செய்தி.

தவறு நேர்ந்தால் அதன் இடத்தைக் கண்டறிதல்

ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பிழை எங்கே என்று தெரிந்துவிடும். மேலோட்டுக்கும் மீனுக்கும் நடுவே வெண்மையான பசை அடுக்கு இருந்தால், மாவு கெட்டியாக இருந்திருக்கிறது அல்லது எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகி வெளிப்புறம் முன்னதாகவே பழுத்துவிட்டது. நிறம் எப்படி இருந்தது என்பதைக் கொண்டு இரண்டில் எது என்று பிரிக்கலாம். பழுப்பு நிறத்தோடு பசை இருந்தால் சூடு மிகுதி, சரியான பொன்னிறத்தோடு பசை இருந்தால் மாவு கெட்டி. மேலோடு கூடு போலத் தனியே நின்று மீன் அதற்குள் ஆடினால், மீனின் ஈரம் ஒற்றப்படவில்லை அல்லது உலர்மாவு தூவப்படவில்லை. மேலோடு நன்றாக இருந்தும் மீன் நூல் நூலாக உலர்ந்திருந்தால், துண்டு மெல்லியது, சூடு அதற்குப் போதவில்லை, மேலோடு நிறம் பெறும் வரை காத்திருந்ததில் மீன் பலியாகிவிட்டது. மீன் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தன்மையோடு நடுவில் தெரிந்தால், துண்டை 175 டிகிரி அவனில் நான்கைந்து நிமிடம் வையுங்கள். மீண்டும் எண்ணெயில் இட்டால் மேலோடு கருகிவிடும்.

எண்ணெயை வைத்துக்கொள்ளுதல்

கடைகளில் மீனுக்கும் சிப்ஸுக்கும் பெரும்பாலும் தனித்தனிப் பாத்திரங்கள் உண்டு. மீன் பொரித்த எண்ணெய் மீனுக்கே ஆகும் என்பதை வீட்டிலும் நினைவில் கொள்ளலாம். எண்ணெய் முழுவதும் ஆறிய பிறகு, மெல்லிய துணியில் வடிகட்டி, மாவுத் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் புட்டியில் அடைத்து, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். தங்கிவிடும் துணுக்குகள் அடுத்த முறை கருகி, எண்ணெயைக் கறுப்பாக்கிக் கசக்கச் செய்யும். இவ்வாறு இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம். சூடாக்கும்போது மீன் போடும் முன்பே நுரை அடங்காமல் நின்றாலோ, 180 டிகிரியை எட்டுவதற்குள் புகை எழுந்தாலோ, அந்த எண்ணெயை மாற்றிவிட வேண்டும். கழிக்கும் எண்ணெயைத் தொட்டிக் குழாயில் ஊற்றாமல் புட்டியிலேயே மூடிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். அது குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும், மாட்டுக் கொழுப்பாக இருந்தால் இன்னும் விரைவாக.